ஒன்பதாம் வகுப்பு: தொழிற்புரட்சி அலகுத் தேர்வு, விடைக்குறிப்புடன்

பாடம்: சமூக அறிவியல் (வரலாறு)
நேரம்: 30 நிமிடம். 6 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண்.

மாணவர்களுக்கு: புத்தகத்தைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம். ஆண்டும் பெயரும் கேள்வியிலேயே இருப்பதால் புத்தகத்தில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. சரியான விடை ஒன்றுதான். அதன் எழுத்தை எழுதி, ஏன் என்று கீழே ஒரே வரியில் எழுதுங்கள்.

1. கீழே உள்ள நான்கில் எது ஆலை முறைக்கு மிக நெருக்கமானது?

அ) பாலக்கோட்டில் ஒரு பாட்டி, கையால் அரைத்த ஊறுகாய் மசாலாவை இப்போது மிக்சியில் அரைத்து விற்கிறார்.
ஆ) தருமபுரி மண்டிக்காரர் பத்து வீடுகளுக்குப் புளி மூட்டை கொடுத்தனுப்புகிறார். வீட்டுப் பெண்கள் கொட்டை எடுத்துக் கொடுக்க, கிலோ கணக்கில் கூலி.
இ) கிருஷ்ணகிரியில் ஒரே கொட்டகையில் நாற்பது பெண்கள் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கத்தியால் மாம்பழம் நறுக்குகிறார்கள். மேஸ்திரி பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை சம்பளம்.
ஈ) காரிமங்கலத்தில் ஒரு விவசாயி, மாட்டை விற்றுவிட்டுச் சொந்த டிராக்டரில் தன் நிலத்தை உழுகிறார்.

2. 1733இல் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பயன்படுத்திய நெசவாளர் முன்பைவிட வேகமாகத் துணி நெய்தார். அப்போது நூல் இன்னும் கைராட்டையில்தான் நூற்கப்பட்டது. இதனால் முதலில் எழுந்த நெருக்கடி எது?

அ) நூல் நூற்பவர்களுக்கு வேலை இல்லாமல் போனது
ஆ) நெய்த துணியை வாங்க ஆள் இல்லாமல் போனது
இ) நெசவாளர்கள் ஆலைக்குள் போக வேண்டியதாயிற்று
ஈ) தறிக்குப் போதுமான நூல் கிடைக்காமல் போனது

3. "கெண்டி மூடி ஆடியதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தையே கண்டுபிடித்தார்" என்கிறான் உன் நண்பன். கீழே உள்ள நான்கும் உண்மை. அவன் சொல்வது தவறு என்று காட்டுவது எது?

அ) வாட் தன் தனிக் குளிர்கலத்துக்கு 1769இல் காப்புரிமை பெற்றார்
ஆ) வாட் பிறந்தது 1736இல், நியூகோமனின் நீராவி இயந்திரம் 1712இலேயே சுரங்கத் தண்ணீரை இறைத்தது
இ) வாட் 1775இல் மேத்யூ போல்டனுடன் கூட்டுச் சேர்ந்து இயந்திரங்கள் செய்தார்
ஈ) டிரெவிதிக்கின் நீராவி வண்டி 1804இல் தண்டவாளத்தில் ஓடியது

4. எலி விட்னி 1793இல் பருத்தி விதை நீக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பல ஆட்கள் செய்த வேலையை அது ஒன்றே செய்தது. ஆனால் அமெரிக்காவில் அடிமைகளின் எண்ணிக்கை 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்தது, 1850இல் 32 லட்சமாயிற்று. இயந்திரத்துக்கும் இந்தப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு எது?

அ) விதை எடுப்பது எளிதானதும் பருத்தி பயிரிடுவது லாபமாயிற்று, பயிர் பெருகியது, பறிப்பதோ கையால்தான்
ஆ) அந்த இயந்திரத்தை இயக்க முன்பைவிட அதிகம் பேர் தேவைப்பட்டனர்
இ) பருத்தித் தோட்டங்களில் இருந்த அடிமைகள் துணி ஆலைகளுக்கு மாற்றப்பட்டனர்
ஈ) இயந்திரம் சரியாக வேலை செய்யாததால் மீண்டும் ஆட்களையே நம்ப வேண்டியதாயிற்று

5. இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணி உள்ளே வருவதை இங்கிலாந்து 1700இல் தடுத்தது. 1721இல் அத்தகைய துணியை உடுத்துவதற்கே தடை போட்டது. 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகத்தை நீக்கி, மற்ற ஆங்கில வணிகர்களுக்கும் இந்தியச் சந்தையைத் திறந்துவிட்டது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எது பொருந்தும்?

அ) இந்தியத் துணியின் தரம் 1700க்கு முன்பே கெட்டுவிட்டது
ஆ) தன் ஆலைத் துணி விற்காமல் தேங்கியதால்தான் இங்கிலாந்து 1721இல் தடை போட்டது
இ) போட்டியில் நிற்க முடியாதவரை வேலி போட்டது, நிற்க முடிந்ததும் அடுத்தவர் கதவைத் திறந்தது
ஈ) தடையற்ற வணிகமே தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தின் கொள்கை

6. இங்கிலாந்தில் ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காக 1802லும் 1819லும் சட்டங்கள் வந்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 1833 சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. எதனால்?

அ) பிள்ளைகளை வேலைக்கு வைப்பதையே அது அடியோடு நிறுத்தியது
ஆ) ஆலைக்குள் நுழைந்து பார்க்க அரசே சம்பளம் கொடுத்து ஆய்வாளர்களை நியமித்தது
இ) பிள்ளைகளைப் பற்றிப் பேசிய முதல் சட்டம் அதுதான்
ஈ) முதலாளிகள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்துக் கண்காணித்தனர்

---

விடைக்குறிப்பு (ஆ பிரிவைத் திருத்தும் டீச்சருக்கு)

1: இ. இந்தக் கேள்விக்கு நிறைய தப்பு வரும், வரட்டும். "இயந்திரம் எங்கே இருக்கிறதோ அதுதான் ஆலை" என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. அதனால்தான் மிக்சியையும் டிராக்டரையும் வைத்துவிட்டு, சரியான விடையில் வெறும் கத்தியை வைத்தேன். வேலை செய்யும் இடம், நேரம், வேகம் எதுவும் அந்த நாற்பது பெண்கள் கையில் இல்லை. ஆ போட்ட பிள்ளையை மட்டும் கூப்பிட்டுப் பேசுங்கள், பாதி தூரம் வந்துவிட்டது. கூலி உண்டு, வியாபாரி உண்டு. ஆனால் அடுப்பில் சோறு வேகும்போது புளியை ஓரமாக வைத்துவிட்டுப் போக அந்த அம்மாவால் முடியும். இங்கிலாந்தில் ஆலைக்கு முன்பு இருந்தது இந்த முறைதான், அங்கே பருத்தியும் கம்பளியும் கொடுத்தார்கள். இங்கே பல பிள்ளைகளின் வீட்டிலேயே புளி வேலை நடக்கிறது, ஒரு சொல் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

2: ஈ. அ போட்டால் நூற்பையும் நெசவையும் குழப்பிக்கொண்டார்கள் என்று பொருள். நூல் தட்டுப்பாடு இருந்ததால்தான் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்துக்கு வரவேற்பு. இ பின்னால் வந்தது, விசைத்தறியோடு.

3: ஆ. நான்கும் உண்மை என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், தெரிந்த தகவலைத் தேடி டிக் அடிக்கும் பழக்கம் இங்கே உதவாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அ போடுவார்கள், 1769 புத்தகத்தில் பார்த்த ஆண்டு. ஆனால் வாட் 1769இல் காப்புரிமை பெற்றார் என்பது நண்பன் சொல்வதோடு மோதவே இல்லையே. காரண வரியில் "வாட் பிறப்பதற்கு முன்பே" என்ற கருத்து இருந்தால் முழு மதிப்பெண். எழுத்து சரி, காரணம் வெறுமை என்றால் ஒன்று.

4: அ. "இயந்திரம் வந்தால் ஆள் குறையும்" என்ற விதி ஒரு வேலைக்கு மட்டும்தான் பொருந்தும், அடுத்த வேலைக்குப் பொருந்தாது. ஈ போட்டவர்கள் அந்த விதியைக் காப்பாற்ற இயந்திரத்தையே பழுதாக்கிவிட்டார்கள்! தப்புதான், ஆனாலும் யோசித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் தக்காளியைச் சொல்லுங்கள்: சாஸ் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் பழத்தைப் பறிப்பது கைதான்.

5: இ. ஆ விடையில் ஆண்டுப் பொறி இருக்கிறது. ஜென்னி 1760களில்தான் வந்தது, ஆர்க்ரைட்டின் குரோம்ஃபோர்டு ஆலை 1771. தடை வந்தபோது ஆலைத் துணி என்ற ஒன்றே இல்லை. வரிசையை யோசித்தால் போதும், ஆண்டு நினைவில் இருக்க வேண்டியதில்லை, புத்தகம் கையில்தானே. "வெள்ளைக்காரன் ஏமாற்றினான்" என்று மட்டும் காரணம் எழுதினால் ஒரு மதிப்பெண் குறையுங்கள்.

6: ஆ. இ கேள்வியின் முதல் வரியிலேயே அடிபட்டுவிடுகிறது; அதைப் போட்ட பிள்ளை கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை. அ நம் ஆசையிலிருந்து வருகிற விடை. உண்மையில் 9 வயதுக்குக் கீழே மட்டும்தான் தடை, 13 வயது வரை வாரம் 48 மணி நேரம் வேலை வாங்கலாம். ஆய்வாளர்களும் நாடு முழுமைக்கும் நான்கே பேர். பட்டு ஆலைகளுக்கு இந்த வயதுத் தடை கிடையாது. மென்மையான இழைக்குச் சின்ன விரல்கள்தான் வேண்டும் என்று முதலாளிகள் வாதாடினார்கள். வீட்டில் பட்டுக்கூடு வளர்த்து தருமபுரி அங்காடிக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். இதைக் கேட்டதும் கையை உயர்த்துவார்கள், அந்த ஐந்து நிமிடத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.