மாற்றுத்திறனாளிகள் முகாம் அறிவிப்பு: திருத்திய வாசகமும் காரணங்களும்

பிரிவுக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய முகாம் அறிவிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தேதி, நேரம், இடம் மூன்றும் உங்கள் வரைவில் உள்ளபடியே இருக்கின்றன. சாய்தளம், சைகை மொழிபெயர்ப்பாளர் பற்றிய வரிகளை நேற்று நீங்கள் தொலைபேசியில் உறுதி செய்ததை வைத்துச் சேர்த்தேன். ஆணையரிடம் கோப்பு போகும்போது எது மாறியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக உங்கள் வரைவையும் முதலில் வைத்திருக்கிறேன்.

வந்த வரைவு

பொது அறிவிப்பு

ஊனமுற்றோர்களுக்கான சிறப்பு மருத்துவ முகாம்

நமது நகராட்சி எல்லைக்குள் வசிக்கும் குருடர், செவிடர், ஊமை, நொண்டி, மனநலம் குன்றியோர், குஷ்டரோகிகள் ஆகியோருக்கு ஊனச் சான்று வழங்கும் முகாம் 14.03.2026 சனிக்கிழமை காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை நகராட்சி சமுதாயக் கூடத்தில் நடைபெறும். 40 சதவீதத்திற்கு மேல் ஊனம் உள்ளவர்கள் மட்டும் வரவும். சக்கர நாற்காலியில் முடங்கியவர்களையும் மனநலம் குன்றியவர்களையும் அவர்களுடைய பாதுகாவலர்கள் கட்டாயம் அழைத்து வர வேண்டும். ஊனத்தால் அவதிப்படும் இந்தப் பரிதாபத்துக்குரியவர்களுக்கு உதவ விரும்பும் நல்ல உள்ளங்கள் அலுவலகத்தை அணுகலாம். அன்று சாதாரண பொதுமக்களுக்கான வரிவசூல் மையம் பின்வாசல் வழியாக இயங்கும். ஊனம் உடலுக்குத்தான், உள்ளத்துக்கு இல்லை!

நகராட்சி ஆணையர்

திருத்திய அறிவிப்பு

பொது அறிவிப்பு

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவச் சான்று, அடையாள அட்டை முகாம்

நாள்: 14.03.2026, சனிக்கிழமை
நேரம்: காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை
இடம்: நகராட்சி சமுதாயக் கூடம் (தரைத் தளம்)

நமது நகராட்சிப் பகுதியில் வசிக்கும் மாற்றுத்திறனாளிகள் மருத்துவச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் பெறுவதற்கான முகாம் நடைபெற உள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் குறிப்பிட்ட 21 வகைக் குறைபாடுகளில் எது உள்ளவரும் வரலாம்.

பார்வை, செவித்திறன், பேச்சு, உடல் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள், பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பியல் நோய் உள்ளவர்கள், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணு இரத்தசோகை உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள் ஆகியோரும் இதில் அடங்குவர்.

மருத்துவர்கள் பரிசோதித்து, குறைபாட்டின் வகையையும் அளவையும் சான்றில் குறிப்பிடுவார்கள். பெரும்பாலான அரசு நலத்திட்டங்களுக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் பரிசோதனைக்கு வரலாம்.

கொண்டுவர வேண்டியவை: ஆதார் அட்டை நகல், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், முன்பு பெற்ற சிகிச்சைச் சீட்டுகள், பழைய அடையாள அட்டை இருந்தால் அதுவும். swavlambancard.gov.in தளத்தில் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் அந்தப் பதிவு எண்ணையும் கொண்டுவரவும். விண்ணப்பிக்காதவர்களுக்கு முகாமிலேயே பதிவு செய்து தரப்படும்.

கூடத்தின் முன்வாசலில் சாய்தளம் உள்ளது. சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களுக்கு ஏற்ற கழிப்பறை தரைத் தளத்திலேயே இருக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் நாள் முழுவதும் இருப்பார். படிவத்தைப் படித்துச் சொல்லவும் எழுதித் தரவும் உதவியாளர்கள் இருப்பார்கள். நீண்ட நேரம் காத்திருக்க இயலாதவர்கள் நுழைவாயில் மேசையில் சொன்னால் முன்னதாக அழைக்கப்படுவார்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வர விரும்புபவர்கள் அழைத்து வரலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வரவும்.

அன்று வரிவசூல் மையம் பின்வாசல் வழியாக இயங்கும். மற்ற பணிகளுக்காக வரும் பொதுமக்கள் அந்த வழியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நகராட்சி ஆணையர்

ஆட்டோ ஒலிபெருக்கிக்கு

சுவரில் ஒட்டுவதைப் படிக்க முடியாதவர்களும் வர வேண்டிய முகாம் இது. ஆகவே இதையும் எழுதிவிட்டேன்:

"பொதுமக்கள் கவனத்துக்கு! வரும் 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நகராட்சி சமுதாயக் கூடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவச் சான்று, அடையாள அட்டை முகாம். ஆதார் நகல், முகவரிச் சான்று, புகைப்படம், மருத்துவச் சீட்டு, பழைய அட்டை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். சாய்தளம் உண்டு, சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டு, படிவம் எழுதித் தர ஆட்கள் உண்டு. மாலை நாலு மணி வரை நடைபெறும்."

ஏன் இப்படி மாற்றினேன்

முதலில் பட்டியல். குருடர், செவிடர், ஊமை, நொண்டி என்ற நான்கும் நம் ஊர்ச் சண்டைகளில் வசைச் சொற்களாகப் புழங்குகின்றன. அதோடு, ஒரு மனிதரை அவர் கண்ணாகவோ காலாகவோ சுருக்கிவிடுகின்றன. "பார்வைக் குறைபாடு உள்ளவர்" என்னும்போது குறைபாடு அவரிடம் இருக்கும் பலவற்றில் ஒன்றாகிறது. ஆங்கிலத்தில் மனிதரை முதலில் சொல்லிப் பின்னால் குறைபாட்டைச் சொல்வார்கள். தமிழில் பெயரெச்சம் முன்னால்தான் வரும், அதைப் புரட்டிப் போட்டால் வாக்கியம் நொண்டும் என்று எழுதப் போனேன். பாருங்கள், எவ்வளவு எளிதாக அந்தச் சொல் வந்து விழுகிறது! வாக்கியம் தடுமாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வரிசை முக்கியமில்லை. "உள்ளவர்", "பயன்படுத்துபவர்", "குணமடைந்தவர்" என்று சொற்றொடர் மனிதரில் போய் முடிந்தால் போதும்.

"ஊமை" என்பதை வெறும் வேறு சொல்லாக மாற்றவில்லை. காது கேளாதவர்கள் பலருக்குக் குரலில் எந்தச் சிக்கலும் இல்லை, அவர்கள் சைகையில் சரளமாகப் பேசுகிறார்கள். பேச்சுக் குறைபாடு வேறு, செவித்திறன் குறைபாடு வேறு. சட்டமும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது.

அதேபோல "மனநலம் குன்றியோர்". இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு கூட்டத்தினரை அடைத்திருக்கிறோம். கற்பதிலும் அன்றாடச் செயல்களிலும் கூடுதல் ஆதரவு தேவைப்படுவது அறிவுசார் குறைபாடு. மனச்சிதைவு போன்றவை மனநலப் பாதிப்பு. பரிசோதிக்கும் மருத்துவரே வேறு. தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை இந்தச் சொல்தான் உண்டாக்குகிறது.

தொழுநோய் விஷயத்தில் சட்டம் சொல்வது குணமடைந்தவர்களை. நோய் போன பிறகும் கை, கால், கண்களில் பாதிப்பு இருப்பவர்கள் அவர்கள். அவர்களை இன்னும் ரோகிகள் என்று நகராட்சியே சுவரில் எழுதினால் வாடகைக்கு வீடு கொடுத்தவர் என்ன நினைப்பார்?

இரத்தக் குறைபாடுகள், அமில வீச்சு, பார்க்கின்சன் ஆகியவை வரைவில் இல்லவே இல்லை. 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது, 2016 சட்டம் 21 ஆக்கியது. பழைய அறிவிப்பை எடுத்து ஒட்டியதால் விட்டுப்போயிருக்கும். தலசீமியா உள்ள குழந்தையின் தாய் இந்த முகாம் தனக்கும் உரியது என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வார்?

40 சதவீத வரி வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல, தகவலே பிழை. "40-க்கு மேல்" என்றால் சரியாக 40 உள்ளவர் வெளியே போய்விடுவார். சட்டம் 40-க்குக் குறையாமல் என்கிறது. மேலும், அளவை அளப்பதற்குத்தான் முகாமே. அளக்கும் முன்பே மட்டும் வரவும் என்றால் எப்படி?

பாதுகாவலர் கட்டாயம் என்பதையும் எடுத்துவிட்டேன். சக்கர நாற்காலியில் வந்து வங்கியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் யாரை அழைத்து வருவார்? வயது வந்த ஒருவருக்குப் பாதுகாவலர் வேண்டும் என்று அறிவிப்பு தானாக முடிவு செய்ய முடியாது. "முடங்கியவர்" என்பதும் தலைகீழ். நாற்காலி இருப்பதால்தான் அவர் வெளியே வருகிறார்.

"அவதிப்படும்", "பரிதாபத்துக்குரிய" இரண்டும் போய்விட்டன. உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில், திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது பற்றிய தீர்ப்பில், துன்பத்துக்கு ஆளானவர், பாதிக்கப்பட்டவர் என்ற தொனியில் அழைக்கும் சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. சினிமாவுக்கே அந்த அளவு என்றால் அரசு அறிவிப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை. ("அமில வீச்சுக்கு ஆளானவர்கள்" என்பதை நான் வைத்ததற்குக் காரணம், அங்கே சொல்லப்படுவது ஒரு குற்றம். அதைச் செய்தவர் வேறொருவர்.) நன்கொடை வரியும் அதோடு போனது. சான்று பெறுவது உரிமை, அதன் பக்கத்தில் உண்டியல் வேண்டாம். கடைசி முழக்க வரி நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் மற்ற அறிவிப்புகளுக்குக் கீழே, குடிநீர் இணைப்புக்கோ சொத்து வரிக்கோ, நாம் இப்படி முதுகில் தட்டிக்கொடுப்பதில்லையே.

"சாதாரண பொதுமக்கள்" என்றால் மற்றவர்கள் அசாதாரணம் என்றாகிறது. "மற்ற பணிகளுக்காக வரும் பொதுமக்கள்" போதும்.

தலைப்பில் மாற்றுத்திறனாளி என்ற சொல் பற்றி உங்கள் உதவியாளர் கேட்டிருந்தார். எல்லோருக்கும் அது பிடித்த சொல் அல்ல. "மாற்றுத் திறன் எங்கே என்று எங்களிடம் தேடுகிறார்கள், எங்களுக்கு வேண்டியது சாய்தளம்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் தமிழ்நாட்டில் துறையின் பெயரும் மாவட்ட அலுவலரின் பதவிப் பெயரும் அதுதான், சுவரில் மக்கள் தேடுவதும் அதைத்தான். எனவே தலைப்பிலும் முதல் வரியிலும் சட்டத்தின் பெயரிலும் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே யாருக்கு என்ன என்று நேராகச் சொல்லியிருக்கிறேன். "ஊனமுற்றோர்" என்று அச்சான பழைய அட்டை சிலரிடம் இருக்கும். அதைச் செல்லாது என்று வாசலில் யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. அறிவிப்பில் "பழைய அடையாள அட்டை" என்று மட்டும் குறித்தது அதற்காகத்தான்.

இரண்டு சில்லறை விஷயங்கள். "ஊனமுற்றோர்களுக்கான" என்பதில் பன்மை இருமுறை வருகிறது. "ஓர்" என்ற ஈறே பன்மைதான், "கள்" தேவையில்லை. அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக மட்டும் அனுப்ப வேண்டாம், எழுத்தாகவும் அனுப்பச் சொல்லுங்கள். திரை வாசிப்பு மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்குப் பல நேரம் படம் வெறும் படம் என்றே ஒலிக்கும்.

சமுதாயக் கூடக் கழிப்பறைக் கதவில் "ஊனமுற்றோர் மட்டும்" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது, பூட்டும் தொங்குகிறது. அறிவிப்பில் அந்தக் கழிப்பறையைச் சொல்லியிருப்பதால் 13-ஆம் தேதிக்குள் சக்கர நாற்காலிச் சின்னத்தை வரைந்து, சாவியை நுழைவாயில் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சிறப்புக் கல்வி ஆசிரியர் (ஓய்வு), 11-ஆவது வார்டு