சுங்குடிச் சேலை ஆர்டர்: கூடுதல் நாள் கேட்டு, மாற்றி எழுதிய செய்தி

சித்தப்பா, கோயம்புத்தூர் கடைக்காரருக்கு அனுப்ப நீங்கள் எழுதி வைத்திருந்தது இது:

"அண்ணே, இங்க மழை விட்ட பாடில்ல. 12ஆம் தேதிக்குச் சரக்கு கஷ்டம்தான். ஒரு பத்து நாள் தள்ளிக்கலாமா? பாத்துச் சொல்லுங்க."

இதைப் படித்தால் 200 சேலையுமே வராது என்றுதான் அவர் நினைப்பார். 110 சேலை தயாராக இருப்பது இதில் எங்குமே இல்லை. அவர் முன்பணம் கொடுத்திருக்கிறார், பொங்கல் வியாபாரத்தை நம்மை நம்பி வைத்திருக்கிறார். அதனால் எல்லாவற்றையும் சொல்லி எழுதியிருக்கிறேன். தேதிகளைச் சாயப் பட்டறையில் கேட்டுத்தான் போட்டேன். சரி என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டிசம்பர் 12ஆம் தேதிக்குள் 200 சுங்குடிச் சேலைகள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அதில் 90 சேலைகளுக்கு மட்டும் டிசம்பர் 22 வரை கூடுதல் நாள் தேவைப்படுகிறது. நீங்கள் மாற்று ஏற்பாடு செய்ய நேரம் இருக்க வேண்டும் என்பதால் இன்று, 5ஆம் தேதியே தெரிவிக்கிறேன்.

மீதி 110 சேலைகள் கஞ்சி போட்டு, மடித்துத் தயாராக உள்ளன. மெரூன், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை மூன்று நிறங்களும் இவற்றில் இருக்கின்றன. மார்கழி பிறக்கும்போது கடையில் அடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அதற்கு ஏற்றபடி இவை 10ஆம் தேதி மதுரையில் பார்சல் லாரியில் ஏறிவிடும், 12ஆம் தேதிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

தாமதத்திற்குக் காரணம் மழை. முதல் சாயத்துக்கு முடிச்சுப் போடும் வேலை எல்லாச் சேலைகளுக்கும் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆனால் சாயத்தில் நனைத்த துணி, முடிச்சின் உள்மடிப்பு வரை காய்ந்த பிறகுதான் நூலை அவிழ்க்க முடியும். ஈரத்தோடு அவிழ்த்தால் சாயம் வெள்ளைப் புள்ளிக்குள் இறங்கிவிடும், புள்ளி மங்கிப்போகும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இருப்பதால் அப்படிக் கெட்டுப்போனதைத் திருத்தவும் வழியில்லை. அறைக்குள் கொடி கட்டி, மின்விசிறி வைத்துப் பார்த்தோம். துணியின் மேல்புறம் காய்கிறது, முடிச்சுக்குள் ஈரம் நிற்கிறது. நல்ல வெயில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து இங்கே முழு வெயில் அடித்த நாள் மிகக் குறைவு.

90 சேலைகளில் 40 ஒற்றைச் சாயம். நனைத்தாகிவிட்டது, காய வேண்டியதுதான் பாக்கி. இவற்றை 18ஆம் தேதிக்குள் தந்துவிடலாம். மற்ற 50 சேலைகள் இரட்டைச் சாயம். முதல் சாயம் காய்ந்த பிறகே மறுபடி முடிச்சுப் போட்டு இரண்டாவதில் இறக்க வேண்டும் என்பதால் இவைதான் 22 வரை போகும். இடையில் நான்கு நாள் மழை பெய்தாலும் தாங்கும்படி கணக்கிட்டே இந்தத் தேதிகளைச் சொல்கிறேன். 15ஆம் தேதி மாலை வேலை எதுவரை வந்திருக்கிறது என்று படத்தோடு உங்களுக்குத் தெரிவிப்பேன்.

ஒரே தடவையில் வர வேண்டிய சரக்கு மூன்று தடவையாக வருவதில் உங்களுக்கு அலைச்சல் உண்டு. அதனால் பின்னால் வரும் இரண்டு கட்டுகளின் லாரி வாடகையை நாங்களே கொடுத்துவிடுகிறோம். விலையில் எந்த மாற்றமும் இல்லை.

இரட்டைச் சாயச் சேலைகள் 22ஆம் தேதி வந்தால் உங்கள் பொங்கல் விற்பனைக்குப் பயன்படாது என்று நினைத்தால் தயங்காமல் சொல்லுங்கள். அந்த 50 சேலைகளை ஆர்டரிலிருந்து எடுத்துவிட்டு, அதற்கான முன்பணத்தை மற்றச் சேலைகளின் பில்லில் கழித்துக்கொள்கிறோம். அல்லது அவற்றுக்குப் பதில் ஒற்றைச் சாயத்திலேயே வேண்டுமென்றால், உங்களுக்குப் பிடித்த நிறத்தைச் சொன்னால் 20ஆம் தேதிக்குள் தர முடியும். இப்போதுள்ள ஈரம் காய்ந்ததும் இரண்டாவது சாயத்தில் இறக்க வேண்டும் என்பதால், உங்கள் முடிவை 8ஆம் தேதி மாலைக்குள் தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

உங்கள் வாடிக்கையாளர்கள் சேலையைப் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் அவசரப்பட்டு அவிழ்க்காமல் இந்த நாட்களைக் கேட்கிறேன். உங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறேன். நாளை காலை பத்து மணிக்கு மேல் நானே உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
சுங்குடிச் சேலை உற்பத்தியாளர்,
மகால் பகுதி, மதுரை