கண்மாய்க் கரைக்கு உயரம் எவ்வளவு? சரிவகக் கணக்கு ஒன்று

தம்பி, நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை, குறுக்கே வெட்டினால் இருசமபக்கச் சரிவகமாகத் தெரியும், மேல் அகலம் 3 மீட்டர், அடி அகலம் 15 மீட்டர், இரண்டு பக்கச் சரிவும் 6.5 மீட்டர், வெட்டுமுகத்தின் பரப்பளவு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நீ 9 × 6.5 = 58.5 என்று போட்டிருக்கிறாய். அந்த 9 சரிதான், 6.5-தான் அங்கே வரக்கூடாது. 6.5 என்பது சரிவில் டேப்பைப் படுக்க வைத்து அளந்த நீளம். பரப்பளவுக்கு வேண்டியது நெட்டுக்குத்தாக இருக்கிற உயரம், அது கரைக்குள்ளே மண்ணுக்குள் இருக்கிறது, நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும்.

சரி, முதலில் படம் போடு. படம் இல்லாமல் இந்தக் கணக்கைத் தொடவே தொடாதே. மேல் கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் அடிக்கோட்டுக்கு ஒவ்வொரு செங்குத்துக்கோடு இறக்கு. இப்போது சரிவகம் மூன்று துண்டாகிவிட்டது, நடுவில் ஒரு செவ்வகம், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு செங்கோண முக்கோணம். நடுச் செவ்வகத்தின் அகலம் மேல் அகலமேதான், 3 மீட்டர். அடியில் மிச்சம் 15 − 3 = 12. இந்த 12-ஐ இரண்டு முக்கோணமும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் என்று எப்படிச் சொல்கிறோம்? இரண்டுக்கும் கர்ணம் 6.5, இரண்டுக்கும் உயரம் ஒன்றே, இரண்டிலும் செங்கோணம் இருக்கிறது, அதனால் அவை சர்வசமம். இருசமபக்கம் என்ற வார்த்தை கேள்வியில் இருப்பதே இந்த ஒரு படிக்காகத்தான். நிறைய பேர் இந்தப் பாதியைப் போட மறந்து 12-ஐ அப்படியே வைத்துவிடுவார்கள், அங்கேயே கணக்கு நின்றுவிடும், ஏனென்றால் அடிப்பக்கம் 12 உள்ள செங்கோண முக்கோணத்துக்குக் கர்ணம் 6.5 ஆக இருக்கவே முடியாது.

ஆக அடிப்பக்கம் 6, கர்ணம் 6.5. பிதாகரஸ் தேற்றம்:

h² = 6.5² − 6² = 42.25 − 36 = 6.25
h = 2.5 மீட்டர்

தசமத்தை வர்க்கப்படுத்தச் சிரமமாக இருந்தால் (6.5 − 6)(6.5 + 6) = 0.5 × 12.5 = 6.25 என்று போடு, பரீட்சையில் இது கை கொடுக்கும்.

அப்புறம் பரப்பளவு:

½ × (15 + 3) × 2.5 = 9 × 2.5 = 22.5 சதுர மீட்டர்

அந்த 9 எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு காகிதத்தில் இதே சரிவகத்தை வெட்டி, ஓர் ஓரத்து முக்கோணத்தைக் கத்தரித்துத் தலைகீழாகத் திருப்பி மறு ஓரத்தில் ஒட்டு. கிடைப்பது ஒரு செவ்வகம், அகலம் 3 + 6 = 9, உயரம் 2.5. சூத்திரத்தில் வருகிற அந்த ½ இதுதான். இதை ஒரு தடவை கையால் செய்துவிட்டால் சூத்திரம் மறந்து போனாலும் நீயே திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

நீ போட்ட விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சின்னது கிடையாது. 100 மீட்டர் நீளத்துக்கு இந்தக் கரையைப் போட 22.5 × 100 = 2250 கன மீட்டர் மண் வேண்டும். உன் கணக்கில் 5850 வரும், அதாவது தேவையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே. இதற்குக் காரணம், இங்கே சரிவு நல்ல படுக்கை. சரிவு செங்குத்தாக ஆக ஆகச் சாய்வு நீளமும் உயரமும் நெருங்கி வரும், படுக்கையாக ஆக ஆக விலகும்.

விடை வந்ததும் ஒன்றைப் பார்த்துக்கொள், உயரம் எப்போதும் சாய்பக்கத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கணக்கைத் தொடங்கும் முன்பே இன்னொன்றும் பார்க்கலாம், இணைப்பக்கங்களின் வித்தியாசத்தில் பாதியைவிடச் சாய்பக்கம் பெரிதாக இருக்க வேண்டும். 10, 30, சாய்பக்கம் 9 என்று யாராவது கொடுத்தால் பாதி வித்தியாசமே 10, 81 − 100 குறை எண், அப்படி ஒரு சரிவகமே கிடையாது.

உயரம் எல்லாச் சமயமும் இப்படி வர்க்கமூலம் இல்லாமல் வராது. 10, 20, சாய்பக்கம் 7 என்றால் h = √(49 − 25) = √24 = 2√6, பரப்பளவு 15 × 2√6 = 30√6. விடையை இப்படியே விட்டுவிடு, தசமத்தில் கேட்டால் மட்டும் கடைசியில் 73.48 என்று மாற்று. √24-ஐ முதலிலேயே 4.9 என்று சுருக்கினால் 73.5 வந்துவிடும்.

நிஜக் கரைகளில் உள்சரிவும் வெளிச்சரிவும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்படி மாறினால் இந்தப் பாதி போடுகிற வழி செல்லாது. அப்போது மேல்முனை ஒன்றிலிருந்து எதிர்ச் சரிவுக்கு இணையாக ஒரு கோடு கிழித்தால் மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் ஒன்று பிரியும், அதற்கு ஹெரான் சூத்திரத்தில் பரப்பளவு கண்டு, அதிலிருந்து உயரத்தை எடுக்கலாம்.