நிதி ஓட்ட அறிக்கை: 31.12.2024-இல் முடிந்த ஆண்டு

இயக்குநர்கள் பார்வைக்கு. தொகைகள் ஆயிரங்களில்.

| | 31.12.2023 | 31.12.2024 |
|---|---|---|
| பங்கு முதல் | 500 | 600 |
| இலாப நட்டக் கணக்கு | 120 | 185 |
| கடனீட்டுப் பத்திரங்கள் | 200 | 150 |
| கடனீந்தோர் | 140 | 115 |
| கொடுபட வேண்டிய செலவுகள் | 20 | 30 |
| மொத்தம் | 980 | 1,080 |
| எந்திரம் (தேய்மானம் போக) | 520 | 590 |
| நற்பெயர் | 60 | 40 |
| சரக்கிருப்பு | 180 | 240 |
| கடனாளிகள் | 150 | 165 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 70 | 45 |
| மொத்தம் | 980 | 1,080 |

பேரேட்டிலிருந்து எடுத்தவை: எந்திரத் தேய்மானம் 55. ஏட்டு மதிப்பு 30 உள்ள பழைய எந்திரம் 22-க்கு விற்றது. செலுத்திய பங்காதாயம் 40. பங்குகளை முக மதிப்பிலும், பத்திர மீட்பைச் சமமதிப்பிலும் செய்தோம்.

நடைமுறை மூலதனம்

நடப்புச் சொத்துகள் 400-இலிருந்து 450 ஆயின. நடப்புப் பொறுப்புகள் 160-இலிருந்து 145-க்கு இறங்கின. ஆக, நடைமுறை மூலதனம் 240-இலிருந்து 305. நிகர உயர்வு 65.

எந்திரக் கணக்கு

இரண்டு இருப்புகளையும் கழித்தால் 70 வரும். அதுதான் வாங்கிய தொகை என்று நினைத்தால் தப்பு. விற்றதும் தேய்ந்ததும் இடையில் போயிருக்கின்றன: 590 + 55 + 30 − 520 = 155. வாங்கியது 155.

செயல்பாடுகளிலிருந்து வந்த நிதி

| | |
|---|---|
| இலாப நட்டக் கணக்கின் இறுதி இருப்பு | 185 |
| கூட்டு: தேய்மானம் | 55 |
| நற்பெயர் போக்கெழுதியது | 20 |
| எந்திர விற்பனை நட்டம் | 8 |
| பங்காதாயம் | 40 |
| | 308 |
| கழி: தொடக்க இருப்பு | 120 |
| நிதி | 188 |

தேய்மானமும் நற்பெயரும் ஏட்டில் மட்டும் நடக்கும் செலவு, பணம் வெளியே போகவில்லை. அதனால் திரும்பக் கூட்டினோம். பங்காதாயம் அப்படியில்லை. பணம் போனதுதான், ஆனால் அது இலாபத்தைப் பங்கிட்டது. இங்கே கூட்டிவிட்டு, கீழே பயன்பாட்டில் காட்டியிருக்கிறோம்.

நிதி ஓட்ட அறிக்கை

| மூலங்கள் | தொகை | பயன்பாடுகள் | தொகை |
|---|---|---|---|
| செயல்பாடுகள் | 188 | எந்திரம் வாங்கியது | 155 |
| பங்கு வெளியீடு | 100 | பத்திரங்கள் மீட்டது | 50 |
| எந்திர விற்பனை | 22 | பங்காதாயம் | 40 |
| | | நடைமுறை மூலதன உயர்வு | 65 |
| மொத்தம் | 310 | மொத்தம் | 310 |

குறிப்பு

எந்திரம், பத்திரம், பங்காதாயம் மூன்றும் சேர்ந்து 245. இதற்குக் குறுகிய காலக் கடனைத் தொடவில்லை, அது நல்லது. ஆனால் "நிதி 65 கூடியது, ரொக்கம் ஏன் 25 குறைந்தது?" என்று கேள்வி வரும். இந்த அறிக்கையில் நிதி என்றால் நடைமுறை மூலதனம், கையிலுள்ள ரொக்கமல்ல. சரக்கில் மட்டும் 60 போய் உட்கார்ந்திருக்கிறது, கடனாளிகளிடம் 15, கடனீந்தோர் பாக்கி குறைந்ததில் 25. மூன்றும் சேர்ந்து 100. செலவுகளைத் தள்ளிவைத்ததில் மிஞ்சியது 10 மட்டுமே. சரக்கு ஏன் அவ்வளவு ஏறியது என்பதற்கு இந்த அறிக்கையில் பதில் இல்லை, கிடங்குப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.