பயிற்சித்தாள் 7: குறுந்தொகை, பாடல் 18

பத்தாம் வகுப்பு, தமிழ்

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரற்
சிறுகோட்டுப் பெரும்பழந் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

பாடியவர் கபிலர். திணை குறிஞ்சி. இரவில் தலைவியைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் தலைவனைத் தோழி எதிர்ப்பட்டு, அவளை மணந்துகொள்ளும்படி வற்புறுத்துவது.

முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் சொற்களுக்கு வரலாம்.

சொற்பொருள்

வேரல் – சிறுமூங்கில்
வேர்க்கோள் – வேரில் காய்த்த குலை
பலவு – பலா
சாரல் நாட – மலைச்சாரல் நாட்டை உடையவனே (விளி)
செவ்வி – ஏற்ற காலம்
ஆகுமதி – ஆக்கிக்கொள்வாயாக. 'மதி' முன்னிலை அசை, நிலா அல்ல
யார் அஃது அறிந்திசினோர் – அதை அறிந்தவர் யார்?
சிறுகோடு – சிறிய கொம்பு
தூங்கியாங்கு – தொங்கியது போல. இங்கே உறக்கத்துக்கு வேலை இல்லை. தூங்கணாங்குருவி என்ற பெயரில் இந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது
தவ – மிக (உரிச்சொல்)
காமம் – காதல், விருப்பம். இன்றைய வழக்கை வைத்துப் பொருள் கொள்ளாதீர்கள்

பாடலின் பொருள்

மூங்கிலே வேலியாக அமைந்த, வேரில் குலைகள் உடைய பலா மரங்கள் நிறைந்த மலைச்சாரல் நாடனே! இவளை மணப்பதற்கு உரிய காலத்தை உண்டாக்கிக்கொள். இவள் நிலையை யார் அறிவார்? மலைச்சாரலில் சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குவது போல, இவள் உயிரோ மிகச் சிறியது; காதலோ பெரியது.

இங்கே கொஞ்சம் நிற்போம். பாட்டில் பலா இரண்டு முறை வருகிறது. தலைவனின் நாட்டில் பழம் வேரில் கிடக்கிறது, சுற்றிலும் வேலி. விழுந்துவிடும் என்ற கவலை இல்லை. தலைவிக்குச் சொன்ன உவமையிலோ பழம் சிறு கொம்பில் தொங்குகிறது. வேலி என்ற பேச்சே இல்லை. பழம் முற்ற முற்றக் கனம் கூடும், கொம்பு முறியும். 'நீ காலம் தாழ்த்தினால் இவள் உயிர் தாங்காது' என்று தோழி ஓரிடத்திலும் வாய்திறந்து சொல்லவில்லை. பலா சொல்லிவிடுகிறது. ஐந்தே அடியில் கபிலர் இதை முடித்திருப்பதுதான் எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்தது.

விடை எழுதுக

1. தோழி தலைவனை அவன் பெயரால் அழைக்காமல் 'சாரல் நாட' என்று அழைப்பது ஏன்? (2 மதிப்பெண்)
2. இந்த உவமையில் உயிருக்கும் காதலுக்கும் ஒப்பாக வருபவை எவை? உவம உருபையும் சேர்த்து எழுதுக. (3 மதிப்பெண்)
3. தோழி சொன்னதைக் கேட்ட தலைவன் என்ன பதில் சொல்லியிருப்பான்? ஐந்து வரியில், உங்கள் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே எழுதலாம். (5 மதிப்பெண்)