168 நாள் மாத்திரை: காசநோய் உறுதியானவருக்கு மருத்துவர் எழுதிய கடிதம்

9 ஜூன் 2025

அன்புள்ள முருகேசன் அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை "டிபி" என்ற சொல்லைக் கேட்ட பிறகு நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் ஏறவில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிந்தது. யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் எழுதித் தருகிறேன். நிதானமாகப் படியுங்கள். உங்கள் மனைவியும் படிக்கட்டும்.

முதலில் உங்கள் ரிப்போர்ட். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி தெரிகிறது. சிபிநாட் பரிசோதனையில் கிருமிக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை, அதாவது நம்மிடம் இருக்கும் முக்கியமான மருந்து உங்களிடம் வேலை செய்யும். இந்த ரிப்போர்ட்டில் நல்ல செய்தி அதுதான். எச்ஐவி இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 182, எடை 46 கிலோ.

46 கிலோ எடைக்குத் தினமும் 3 மாத்திரை. ஒவ்வொரு மாத்திரையிலும் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். இன்று தொடங்கி ஆகஸ்ட் 3 வரை 56 நாள் இது. ஆகஸ்ட் 4 முதல் பைரசினமைடு இல்லாத மாத்திரை, அதுவும் தினமும் 3, 112 நாள். கடைசி மாத்திரை நவம்பர் 23. மொத்தம் 168 நாள். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நரம்புக்காக ஒரு பி6 மாத்திரையும் கூடவே உண்டு.

இத்தனை நாள் எதற்கு என்று கேட்டீர்கள். சளிக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை போதுமே என்றீர்கள். கேள்வி நியாயமானது.

சாதாரணக் கிருமிகள் பல அரை மணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாக முக்கால் நாளுக்கு மேலாகும். மருந்துகளில் பெரும்பாலானவை கிருமி வளரும்போதுதான் அதைக் கொல்லும். வேகமாக வளரும் கிருமிகளை ஐசோனியாசிட் முதல் சில நாட்களிலேயே கூட்டம் கூட்டமாகத் தீர்த்துவிடும். உங்களுக்குக் காய்ச்சல் விடுவதும் பசி எடுப்பதும் அதனால்தான். ஆனால் எல்லாக் கிருமியும் வளர்ந்துகொண்டிருப்பதில்லை. குழியின் சுவரில், தயிர்க்கட்டி போன்ற செத்த திசுவுக்குள், காற்று சரியாகப் புகாத இடத்தில், நம் உடலின் காவல் அணுக்களுக்குள்ளேயே கூட, ஒரு கூட்டம் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கும் கிருமியை மருந்து எளிதில் தொடாது. அது எப்போதாவது கொஞ்ச நேரம் விழிக்கும். அந்த நேரத்தில் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் இருந்தால் செத்துவிடும், இல்லாவிட்டால் மறுபடி தூங்கப் போய்விடும். எந்தக் கிருமி எந்த நாளில் விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒரு நாள் விடாமல் மருந்து உள்ளே இருக்க வேண்டும்.

வயலில் கோரையைப் பார்த்திருப்பீர்கள். மேலே அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அது போனதாகக் கணக்கில்லை. முதல் இரண்டு மாதம் நாம் மேலே அறுக்கிறோம். மீதி நாலு மாதம் கிழங்கு எடுக்கும் வேலை.

ஆறு மாதம் என்பது யாரோ உத்தேசமாக வைத்த கணக்கு இல்லை. ரிஃபாம்பிசின் வருவதற்கு முன்னால் ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்த பிறகுதான் ஆறு மாதமாகக் குறைந்தது. இதே மருந்துகளை நாலு மாதத்தோடு நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், குணமானவர்கள் என்று நினைத்தவர்களில் பலருக்கு நோய் திரும்பியது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்களுக்கு இருப்பது போன்ற ஒரு குழியில் பத்துக் கோடி அளவுக்குக் கிருமிகள் இருக்கலாம். அவற்றில் சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்று, எந்த மருந்தும் படாமலே, ஐசோனியாசிட்டுக்கு அடங்காததாகப் பிறக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. ஒரே கிருமி இரண்டுக்கும் அடங்காமல் பிறப்பது கோடி கோடியில் ஒன்று, நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். மருந்துகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே மாத்திரையில் தருவது இதற்காகத்தான். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும்.

நீங்கள் பத்து நாள் சாப்பிட்டு, ஒரு வாரம் விட்டு, மறுபடி தொடங்கினால் இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் உடலைவிட்டுப் போவதில்லை. இடைவெளியில் மிஞ்சிய கிருமி பெருகும், அதில் அடங்காத கிருமியின் பங்கு ஒவ்வொரு முறையும் கூடும். சில மாதத்தில் இந்த மாத்திரை எதற்கும் பயன்படாமல் போகலாம். அதன் பிறகு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சில கால் நரம்பைப் பாதிக்கும், சில இரத்த அணுக்களைக் குறைக்கும், சிலவற்றுக்கு அடிக்கடி இசிஜி எடுக்க வேண்டும். அந்தக் கிருமி உங்களிடமிருந்து உங்கள் மகளுக்குப் போனால், அவளுக்கும் அதே கடினமான மருந்துதான்.

நீங்கள் மாத்திரையை நிறுத்த நினைக்கப்போகும் நாட்கள் எவை என்று இப்போதே சொல்லிவிடலாம். முதலாவது, இரண்டாம் வாரம்: குமட்டல், வாய்க்கசப்பு, கை நிறைய மாத்திரை. இதைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். இரண்டாவது, ஆகஸ்ட். இருமல் நின்றிருக்கும், எடை ஏறியிருக்கும், சளியில் கிருமி இல்லை என்று நாங்களே சொல்லியிருப்போம். "அதான் இல்லையே" என்று தோன்றும். சளியில் இல்லை என்றால் வெளியே வரவில்லை என்றுதான் அர்த்தம், உள்ளே தூங்குவது அந்தப் பரிசோதனையில் தெரியாது. மூன்றாவது தீபாவளி. அக்டோபர் 20, உங்களுக்கு 134-ஆவது நாள். மாமியார் வீடு, விருந்து, பாட்டில். ஊருக்குப் போகிற நாட்களுக்குரிய மாத்திரையை முன்னதாகவே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை முடியும்வரை மது ஒரு சொட்டும் கூடாது. இந்த மருந்தும் மதுவும் பதம் பார்ப்பது ஒரே கல்லீரலைத்தான்.

மூன்று மாத்திரையையும் ஒரே வேளையில், காலை 7 மணிக்கு, வெறும் வயிற்றில் விழுங்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. குமட்டல் தாங்கவில்லை என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு விழுங்கலாம், விடுவதைவிட அது மேல். காலையில் இரண்டு, இரவில் ஒன்று என்று பிரிக்காதீர்கள். மருந்தின் அளவு ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போக வேண்டும். அசிடிட்டிக்கு ஜெலுசில் போன்றவை குடித்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் மாத்திரையைப் பையில் எடுத்துப்போய், காலை டீ வருவதற்கு முன்பே தறிக்கூடத்தில் விழுங்கிவிடுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் ஆறாகப் போடக் கூடாது. வழக்கம்போல மூன்று, விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்வோம். எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே யாரும் திட்டமாட்டார்கள்.

சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு நிறமாகும். இரத்தம் இல்லை, ரிஃபாம்பிசினின் நிறம். மூட்டுவலி பைரசினமைடால் வரும், வலி மாத்திரையில் அடங்கும். கால் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு என்றால் அடுத்த வருகையில் சொல்லுங்கள்.

ஆனால் இவற்றுக்கு அன்றே வர வேண்டும்: கண் மஞ்சளாதல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்போடு தொடர் வாந்தி, பார்வை மங்குதல் அல்லது சிவப்பும் பச்சையும் குழம்புதல், உடம்பெல்லாம் தடிப்பு. அன்றைய மாத்திரையைப் போடாமல் நேரே வாருங்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். எந்த மருந்து காரணம் என்று கண்டுபிடித்து, மற்றதை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும் வழி எங்களுக்குத் தெரியும். நீங்களாக நிறுத்துவதும் நாங்கள் நிறுத்துவதும் ஒன்றல்ல.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சாப்பிடும் கிளிமெபிரைடின் வேகத்தை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும், அதனால் அதே மாத்திரையில் சர்க்கரை ஏறலாம். சர்க்கரை ஏறினால் காசநோய் ஆறுவது தாமதமாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பரிசோதித்து, சீட்டைக் கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் சிகிச்சை முடியும்வரை இன்சுலினுக்கு மாற்றுவோம்.

வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். இந்த நோய் காற்றில்தான் பரவும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறையும். அதுவரை மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சளியை மூடியுள்ள டப்பாவில் துப்புங்கள், முதல் இரண்டு வாரம் தறிக்குப் போகாதீர்கள். வீட்டைவிட்டு ஒதுங்கவும் தேவையில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்ததற்கும் வீட்டிலிருந்தே சாப்பிட்டதற்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. உலகம் முழுவதும் வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதில் நம்மூர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் மனைவியும் அம்மாவும் இந்த வாரமே எக்ஸ்ரே எடுக்க வர வேண்டும். மூன்று வயது மகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மருந்து தொடங்குவோம்.

காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் உங்கள் பதிவு இன்றே முடிந்துவிட்டது. சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். முட்டை, கடலை, பருப்பு வாங்கத்தான் அது, சர்க்கரைக்கும் ஒத்துவரும். பணம் வராவிட்டால் 1800-11-6666-இல் கேட்கலாம், கட்டணமில்லை. மாத்திரைக்கு எங்கும் காசு கொடுக்காதீர்கள். இங்கே தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், வெளியே வாங்காமல் நேராக என்னிடம் வாருங்கள்.

அடுத்த வருகை ஜூலை 7, திங்கட்கிழமை. காலி அட்டைகளையும் சர்க்கரைச் சீட்டையும் எடுத்து வாருங்கள். எடை பார்ப்போம். ஏறியிருந்தால் மாத்திரை எண்ணிக்கையை மாற்ற வேண்டியிருக்கும். 50 கிலோவைத் தொட்டால் தினமும் நாலு.

இப்படிக்கு,
டாக்டர் செ. கலைவாணி
மருத்துவ அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையம்
ஈரோடு மாவட்டம்