தோல் நோய்கள்: குறிப்பைப் படித்து நோயைச் சொல்லுங்கள்

கிராம சுகாதார செவிலியர்களுக்கான பயிற்சித் தேர்வு, வேலூர் மாவட்டம். நேரம் 40 நிமிடம். படம் கிடையாது. வெயிலில் நடந்து வீடு வீடாகப் போகும்போது உங்கள் கையில் இருக்கப் போவது டார்ச்சும் பேச்சும்தான். அதனால் கேள்விகளும் பேச்சு வடிவிலேயே இருக்கின்றன. நோயின் பெயரை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதினால் முழு மதிப்பெண்.

1. குடியாத்தம் பக்கம் ஒரு கைத்தறி வீடு. எட்டு வயதுப் பையனுக்கு மூன்று வாரமாக அரிப்பு. "நைட்டானா போதும் மேடம், சொரிஞ்சிக்கினே இருக்கான், தூங்கவே மாட்றான்" என்கிறார் அம்மா. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிட்டம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள். முகத்தில் ஒன்றுமில்லை. அம்மாவும் பேசிக்கொண்டே மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்கிறார்.

2. அதே தெருவில் ஐந்து மாதக் குழந்தை. உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் என எல்லா இடத்திலும் கொப்புளம், ஓயாத அழுகை. "முகத்துல இருக்குதே, அப்போ அது இல்லதானே?" என்று பாட்டி கேட்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

3. படுத்த படுக்கையாக இருக்கும் 70 வயதுப் பாட்டி. கை, முழங்கை, காதோரம் எல்லாம் தடித்து, சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக உதிர்கிறது. அரிப்பு பெரிதாக இல்லை. ஆனால் பார்த்துக்கொள்ளும் மூன்று பேருக்கும் அரிப்பு தாங்கவில்லை.

4. பேருந்து ஓட்டுநர், வயது 34. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாகத் தடிப்பு. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டியூபைப் பூசினால் மூன்று நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. ஆறு மாதமாக இதே கதை. இப்போது வட்டத்துக்குள் வட்டம் தெரிகிறது, ஓரம் தெளிவாக இல்லை, தொடைத் தோல் மெலிந்து வரி வரியாகப் பிளந்திருக்கிறது.

5. காட்பாடியில் கல்லூரி மாணவர். மார்பு, முதுகு, தோளில் வெளிறிய திட்டுகள். அரிப்பு இல்லை. நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு போல மெல்லிய தூள் உதிர்கிறது. வெயில் காலத்தில் அதிகமாகிறது.

6. ஒடுகத்தூர் பக்கம் விவசாயக் கூலி, வயது 41. முழங்கை அருகே ஒரே ஒரு வெளிறிய திட்டு, ஒரு வருடமாக. அரிப்பு இல்லை, செதில் இல்லை. அடுப்பில் சுட்டுக்கொண்டதே தெரியவில்லையாம்.

7. அங்கன்வாடிக் குழந்தை. மூக்கின் கீழும் வாயோரமும் சிவந்த புண், அதன் மேல் தேன் காய்ந்தது போன்ற மஞ்சள் பொருக்கு. பக்கத்தில் உட்காரும் குழந்தைக்கும் அதே.

8. ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளி. நாளெல்லாம் ரப்பர் பூட்ஸ். உள்ளங்காலில் குண்டூசியால் குத்தியது போலக் குழிகள், கடுமையான நாற்றம். "சேத்துப்புண்" என்று நினைத்து பூஞ்சை மருந்து பூசியும் குறையவில்லை.

9. சர்க்கரை நோய் இருக்கும் 58 வயது கடைக்காரர். பிடரியில் பெரிய கட்டி, மேலே சல்லடை போல நாலைந்து வாய், ஒவ்வொன்றிலும் சீழ், காய்ச்சல்.

10. ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பெண். இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் சிவந்து பிளந்திருக்கிறது. மார்பகத்தின் கீழும் சிவப்பு, அதைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன.

11. வாலாஜாப்பேட்டையில் 62 வயது முதியவர். விலாவில் ஒரு பக்கம் மட்டும், பட்டை போட்டது போல நீர்க்கொப்புளங்கள், நெருப்பு வைத்தது போல எரிச்சல். மேலே காவி எழுதியிருக்கிறார்கள்.

12. நாற்று நடும் பெண்மணி. வலது கெண்டைக்காலில் சூடான, வலிக்கும் சிவப்பு வீக்கம், குளிர் காய்ச்சல். கால் விரலிடுக்கில் வெடிப்பு.

விடைகளும் விளக்கமும்

1, 2, 3: மூன்றும் ஸ்கேபீஸ்தான். நம் ஊரில் சொறி, சிரங்கு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் பல வீடுகளில் இது நழுவிப் போகிறது. கிருமியல்ல, உண்ணி வகையைச் சேர்ந்த சிற்றுயிர். பெண் உண்ணி அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம்தான். தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். விரல் இடுக்கில் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய நெளிகோடு தெரிந்தால் அதுதான் சுரங்கம். டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள், நேராகப் பிடித்தால் தெரியாது.

முதல் முறை தொற்றினால் அரிப்பு ஆரம்பிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாமலே மற்றவருக்குப் பரவும். ஏற்கெனவே வந்தவருக்கு மறுபடி ஒட்டினால் சில நாளிலேயே அரிக்கும். "எனக்கு அரிக்கல மேடம், எனக்கு எதுக்கு மருந்து?" என்று அப்பா கேட்கும்போது சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

என் முதல் ஆண்டு வேலையில் இப்படி ஒரு பையனுக்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பினேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தான், மருந்து போலி என்று அவன் அம்மா சண்டைக்கு வந்தார். மருந்தில் தவறில்லை. அதே பாயில் படுத்த நாலு பேரை நான் கேட்கவே இல்லை.

பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீம்: கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நகத்தின் அடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் இரவில் பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசுவதுதான் நான் பார்த்ததில் முதல் தவறு. இரவில் கை கழுவிவிட்டு மறுபடி கையில் பூசாமல் விடுவது இரண்டாவது. துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி மூன்று நாள் மூடி வைத்தால் போதும், உடலை விட்டு விலகிய உண்ணி அதற்கு மேல் தாங்காது. மருந்துக்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தினமும் பூசி, தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள்.

குழந்தைக்கு (கேள்வி 2) முகத்திலும் தலையிலும் வருவது இயல்பு, ஆகவே பாட்டியின் கணக்கு தப்பு. கண், வாயைச் சுற்றி விட்டுவிட்டுத் தலைக்கும் சேர்த்துப் பூச வேண்டும். கைக்கு உறை மாட்டிவிட்டால் நக்காது. ஐவர்மெக்டின் மாத்திரை 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம்.

பாட்டிக்கு (கேள்வி 3) வந்திருப்பது பொருக்கு வகை. சாதாரண ஸ்கேபீஸில் உடம்பில் பத்துப் பதினைந்து உண்ணிதான் இருக்கும், இதில் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூட. 1848இல் நார்வேயில் தொழுநோயாளிகளிடம் முதலில் விவரிக்கப்பட்டதால் நார்வே ஸ்கேபீஸ் என்றும் பெயர். இவரை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

4: ஸ்டீராய்டு கெடுத்த படர்தாமரை. வழக்கமான படர்தாமரையில் ஓரம் உயர்ந்து, செதிலோடு பரவும், நடுப்பகுதி தெளியும். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை அமுக்கிவிடும், பூஞ்சையை வளர விட்டுவிடும். 2018இல் மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை H-இல் சேர்த்தார்கள். கடைகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே "என்ன பூசுனீங்க?" என்று கேட்டு, டியூபைக் கையில் வாங்கிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் நிறுத்தச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். ஓரத்தில் சுரண்டிய செதிலை KOH சொட்டில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத வகைகள் இந்தியாவில் பரவியிருப்பதால் முன்பு போல இரண்டு வாரத்தில் முடிவதில்லை. பூஞ்சை க்ரீமைத் திட்டுக்கு வெளியே இரண்டு செண்டிமீட்டர் வரை, மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். துண்டைப் பகிர வேண்டாம். உள்ளாடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காய வைக்கச் சொல்லுங்கள், அது வேலூரில் இலவச மருந்து.

5, 6: இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதலாவது தேமல். மலசீசியா என்ற ஈஸ்ட், எல்லோர் தோலிலும் இருப்பதுதான், வியர்வையில் பெருகுகிறது. கீட்டோகொனசோல் பூசலாம். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. இரண்டாவதில் தொழுநோயைச் சந்தேகியுங்கள். பஞ்சு நுனியை முறுக்கி, கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேலும் பக்கத்திலும் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த ஊர் இது, கரிகிரி மருத்துவமனையும் இங்கேதான். இந்த மாவட்டச் செவிலியர் ஒருவர் உணர்ச்சி பார்க்காமல் "தேமல்" என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். மருந்து இலவசம்.

7: இம்பெட்டிகோ. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பொருக்கை நனைத்து எடுத்து மியூபிரோசின் பூச வேண்டும், பரவியிருந்தால் வாய்வழி மருந்து. சில வாரம் கழித்து முகம் வீங்குகிறதா, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறதா என்று அம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிறுநீரகத்தைத் தாக்கும். ஸ்கேபீஸைச் சொறிந்து அதன் மேலும் இது வரும், விரல் இடுக்கையும் பார்த்துவிடுங்கள்.

8: குழிப் பாத நோய். பாக்டீரியா, ஆகவேதான் பூஞ்சை மருந்து பலிக்கவில்லை. கிளிண்டமைசின் மேல்பூச்சு, மாற்றுச் சாக்ஸ், இரவில் பூட்ஸைக் காற்றாட வைப்பது.

9: ராஜபிளவை. சர்க்கரை அளவை உடனே பாருங்கள், அன்றே அனுப்புங்கள். பிதுக்காதீர்கள், யாரையும் பிதுக்கவும் விடாதீர்கள்.

10: கேண்டிடா. சுற்றிலும் சிதறிய புள்ளிகள்தான் துப்பு. ஈரம் இருக்கும்வரை குறையாது. இவருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும்.

11: அக்கி. காவியைத் திட்ட வேண்டாம், பாட்டன் காலத்துப் பழக்கம். தொடங்கி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் கொடுத்தால் நல்லது என்பதை மட்டும் பதமாகச் சொல்லி அழைத்து வாருங்கள். நெற்றி, மூக்கு நுனி என்றால் கண்ணுக்கு ஆபத்து.

12: செல்லுலைட்டிஸ். விரலிடுக்கு வெடிப்பு வழியே பாக்டீரியா உள்ளே போயிருக்கிறது, அதையும் குணப்படுத்தாவிட்டால் மறுபடி வரும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். வீக்கத்துக்குப் பொருந்தாத அளவு கடும் வலி, தோல் கறுப்பது, ஊதா நிறக் கொப்புளம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் 108.